விரால் குஞ்சு படத்தில் தூசிப் புள்ளியை மட்டும் எடுப்பது எப்படி?

"எங்கள் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் தாய் விராலும் குஞ்சுக் கூட்டமும் நின்றதை, தண்ணீருக்குள் கேமராவை இறக்கி பிளாஷ் போட்டு எடுத்தேன். படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அதை எடுக்கப் போனால் குஞ்சுகளும் சேர்ந்து அழிந்துவிடுகின்றன. தூசியை மட்டும் எடுக்க வழி இருக்கிறதா?"

இருக்கிறது. புள்ளி பெரிதா சிறிதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அது எவ்வளவு தூரத்தில் மிதக்கிறது என்று பாருங்கள். லென்ஸை ஒட்டி மிதப்பதை எடுத்துவிடுங்கள். மீன் நிற்கும் தூரத்தில் இருப்பது எதுவானாலும் அதைத் தொடாதீர்கள்.

நான் மதுரையில் ஸ்டுடியோக்களுக்கு ஆல்பம் வேலை செய்து கொடுக்கிறேன். போன வருடம் மழை ஓய்ந்த பிறகு, மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு அண்ணன் உங்கள் படத்தைப் போலவே ஒன்றைக் கொண்டுவந்தார். கல்யாணப் படத்தில் முகத்துப் பருவை எடுக்கிற பழக்கத்தில், படம் மொத்தத்துக்கும் ஒரே பில்டரைப் போட்டுப் புள்ளிகளை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் திரையில் பார்த்த உடனே, "தம்பி, பாதிக் குஞ்சைக் காணோமே" என்றார். அந்த இடத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் இரண்டு இரண்டாகக் கறுப்புப் பொட்டுகள் மட்டும் நின்றன. அவை குஞ்சுகளின் கண்கள். உடம்பு போயிருந்தது, கண் மட்டும் மிச்சம். ஏன் அப்படி ஆனது என்பதைக் கீழே சொல்கிறேன். அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்த வேலை பிடிபட்டது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அவருடைய படத்தின் அகலம் 4000 பிக்சல். மீன் நின்ற தூரம் ஏறக்குறைய அரை மீட்டர், அந்த இடத்தில் படத்துக்குள் விழுந்த அகலம் 60 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 7 பிக்சல். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள விரால் குஞ்சு 65, 70 பிக்சல் நீளத்துக்கு வரும், தடிமன் 13 பிக்சல் இருக்கும். குஞ்சுகள் தின்ன வருகிற டாப்னியா என்ற நீர்ப்பூச்சி 2 மில்லிமீட்டர் இருந்தால் அதுவும் 13 பிக்சல்தான். வண்டல் மண் துகளோ மிகப் பெரியதே 0.06 மில்லிமீட்டர்தான். அந்தத் தூரத்தில் அது அரை பிக்சல்கூட இருக்காது.

இதிலிருந்து தெரிவது என்ன? மீன் தூரத்தில் உள்ள வண்டல் தனிப் புள்ளியாகவே பெரும்பாலும் தெரியாது, மங்கலாகத்தான் தெரியும். ஆகவே 10, 15 பிக்சல் அகலத்தில் ஓரம் தெளிவாக ஒன்று தெரிந்தால் அது வண்டல் அல்ல. நீர்ப்பூச்சியாக இருக்கலாம், பாசிப் பிசிறாக இருக்கலாம். எதுவானாலும் அந்தக் குட்டையில் அந்த இடத்தில் உண்மையாகவே இருந்த பொருள்.

அப்படியானால் கண்ணை உறுத்துகிற வெள்ளைப் புள்ளி எங்கிருந்து வருகிறது? அதுவும் அதே வண்டல்தான், ஆனால் லென்ஸுக்கு 5 சென்டிமீட்டர் முன்னால் மிதப்பது. பிளாஷ் கேமராவிலேயே இருந்தால் அந்தத் துகள் மீனைவிடப் பத்து மடங்கு பக்கத்தில் இருக்கிறது, அதன்மேல் நூறு மடங்கு வெளிச்சம் விழுகிறது. போக்கஸ் அரை மீட்டரில் இருப்பதால் துகள் தன் உருவத்தில் விழாமல் வட்டத் தட்டாக விரிகிறது. அந்தத் தட்டு 30 பிக்சலும் வரும், 80 பிக்சலும் வரும். பளீரென்று இருக்கும், ஓரம் பஞ்சு போல மெத்தென்று கரையும், உள்ளே எந்த உறுப்பும் தெரியாது. ஆக, பெரிய புள்ளிதான் தூசி, சின்னதும் தெளிவானதும்தான் உயிர். நாம் வழக்கமாக நினைப்பதற்கு நேர் எதிர்.

நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். விரால் குஞ்சு சின்னதில் செம்மஞ்சளாக இருக்கும், தூசி வெள்ளையாக இருக்கும், அதனால் பிரித்துவிடலாம் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். ஆனால் அந்தக் குட்டை செம்மண் நிலத்தில் வெட்டியது. தட்டின் நடு அதிக வெளிச்சத்தில் வெள்ளையாக வெந்திருந்தாலும் ஓரம் செம்மஞ்சளாகவே வந்தது, வெளிச்சம் குறைந்த தட்டுகள் முழுவதுமே அந்த நிறம். உங்கள் குட்டையும் செம்மண்ணாக இருந்தால் உருவத்தைத்தான் நம்ப வேண்டும். குஞ்சுக்கு நீளம் உண்டு, ஒரு முனையில் கறுப்புக் கண் உண்டு, பக்கத்துக் குஞ்சுகள் பார்க்கும் திசையையே பெரும்பாலும் அதுவும் பார்க்கும்.

இனி எடுக்கும் முறை. Clarity, Dehaze இரண்டையும் இதற்கு முன்னால் தொடவே கூடாது. அவை தூரத்து மங்கலையும் கூர்மையாக்கிப் புள்ளிகளைப் பெருக்கிவிடும். வெள்ளைச் சமநிலையை மட்டும் சரிசெய்துவிட்டு போட்டோஷாப்பில் `Ctrl+J` போட்டு லேயரை நகல் எடுங்கள். நகலில் `Filter > Noise > Dust & Scratches` போய் Radius 30, Threshold 10 வையுங்கள்; தட்டு 80 பிக்சல் வரை இருந்தால் Radius 60. பிறகு அந்த லேயரின் மோடை `Darken` ஆக மாற்றுங்கள். ஜிம்ப் பயன்படுத்தினால் `Filters > Blur > Median Blur`, மோடு `Darken only`.

இப்போது குஞ்சுகளும் காணாமல் போயிருக்கும், பயப்பட வேண்டாம். இந்த பில்டர் ஒவ்வொரு பிக்சலையும் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதில் உள்ள எல்லா அளவுகளையும் வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுத்துக்கொள்கிறது. வட்டத்தின் பாதிப் பரப்பைக்கூட நிரப்பாத பொருள் தோற்றுப்போகும். 40 பிக்சல் தட்டை எடுக்க Radius 30 தேவை. அந்த வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 2800 பிக்சல், தட்டின் பரப்பு 1250. குஞ்சோ 67-க்கு 13, எல்லாம் சேர்ந்து 900-க்கும் குறைவு. தட்டைவிட நீளமாக இருந்தும் ஒல்லியாக இருப்பதால் குஞ்சுதான் முதலில் அழிகிறது. Radius-ஐக் குறைத்தால் குஞ்சு பிழைத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தட்டு நிற்கும், குஞ்சு போகும். கண் மட்டும் நின்றதற்குக் காரணம் `Darken`. பின்னணியைவிட வெளிச்சமானதைத்தான் அது மாற்றும். உடம்பு தண்ணீரைவிட வெளிச்சம், கண் இருட்டு.

ஆகவே பில்டரைப் படம் முழுக்க விடாமல் கையால் இடம் காட்ட வேண்டும். `Alt` விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க் பொத்தானைத் தட்டினால் கறுப்பு மாஸ்க் வரும், படம் பழையபடி ஆகிவிடும். 100 சதவீதப் பெரிதாக்கலில், தட்டைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பிரஷை எடுத்து ஒரு தட்டுக்கு ஒரு சொடுக்கு வையுங்கள். இழுத்துத் தடவ வேண்டாம். அந்த அண்ணனின் படத்தில் ஏறக்குறைய 300 தட்டுகள் இருந்தன, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. எடுத்த இடத்தில் மெல்லிய வளையம் மிஞ்சினால் Threshold அதிகம் என்று பொருள், 6-க்கு இறக்குங்கள். எடுத்த இடம் சுற்றியுள்ள தண்ணீரைவிட வழவழப்பாகத் தெரிந்தால் அங்கே மட்டும் கொஞ்சம் `Add Noise` போடலாம்.

தட்டு ஒரு குஞ்சின் மேலேயே விழுந்திருந்தால் பில்டர் வேண்டாம், குளோன் செய்வதும் வேண்டாம். வேறொரு குஞ்சை வெட்டி ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அங்கே இல்லாத மீன் அது. தட்டு கண்ணாடி போல மேலே படிந்த வெளிச்சம்தான். வெந்து வெள்ளையாகாத தட்டு என்றால், அந்த வட்டத்துக்கு மட்டும் ஒரு `Curves` லேயர் போட்டு, கீழ்முனையை வலப்பக்கம் நகர்த்தினால் அடியில் இருக்கும் குஞ்சு ஓரளவு வெளியே வரும். வெந்துபோன தட்டின் அடியில் எதுவும் பதிவாகியிருக்காது, அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படத்தை அடுக்கி நடு அளவை எடுத்தால் தூசி தானாகப் போய்விடும் என்றும் சிலர் சொல்வார்கள். நகர்வது எல்லாமே அதில் போய்விடும், குஞ்சுக் கூட்டம் ஒரு நொடிகூட நிலையாக நிற்காது. பவளம், பாறை படங்களுக்குத்தான் அது பொருந்தும். உங்கள் படம் போனில் எடுத்தது என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. சின்ன சென்சாரில் கிட்டே உள்ளதும் ஓரளவு தெளிவாகவே விழும், தட்டு நன்றாக விரியாது. அப்போது சந்தேகமான புள்ளியை அடுத்த படத்தில் தேடுங்கள். கேமரா அசையாமல் இருந்தால் லென்ஸை ஒட்டிய துகள் வெகுதூரம் தாவியிருக்கும் அல்லது படத்தை விட்டே போயிருக்கும். குஞ்சு தன் நீளத்தில் ஒன்றிரண்டு மடங்குதான் நகர்ந்திருக்கும். இரண்டிலும் தெளிவு இல்லாவிட்டால் புள்ளியை விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை கட்டாயம் செய்யுங்கள். வெள்ளைச் சமநிலை மட்டும் சரிசெய்த அடி லேயரின் நகலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மோடை `Difference` ஆக்குங்கள். திரை முழுக்கக் கறுப்பாகி, நீங்கள் எடுத்தவை மட்டும் மின்னும். மங்கலாக இருந்தால் மேலே ஒரு `Levels` போட்டு வெளிச்சமாக்குங்கள். மின்னுவது எல்லாம் வட்டமாக இருக்க வேண்டும். அந்த அண்ணனின் படத்தை இரண்டாம் முறை முடித்துவிட்டுப் பார்த்தபோது, தாய் விராலின் செவுளுக்குக் கீழே மூன்று மட்டும் அரிசி போல நீளமாக மின்னின. மாஸ்க்கில் அந்த மூன்று இடத்திலும் கறுப்பைத் தடவினேன், மூன்று குஞ்சுகளும் திரும்ப வந்தன.