எக்செலில் கமிஷன் ஸ்லாப் டேபிளுக்கு VLOOKUP போட்டால் சிலருக்கு மட்டும் தப்பான சதவீதம் வருகிறது. எரரும் காட்டவில்லை. பேசாமல் IF-ஐயே அடுக்கிவிடலாமா?

IF பக்கம் போகாதீர்கள். முதலில் உங்கள் ஸ்லாப் டேபிளில் விற்பனைத் தொகை இருக்கும் நெடுவரிசையை மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள். எங்கோ ஓர் இடத்தில் பெரிய எண்ணுக்குக் கீழே சின்ன எண் உட்கார்ந்திருக்கும். முதலாளி போகிற போக்கில் ஒரு புது ஸ்லாப் சொல்லியிருப்பார், நீங்களும் மாசக் கடைசி அவசரத்தில் அதை டேபிளின் அடியில் தட்டியிருப்பீர்கள். பார்க்காமலே எப்படிச் சொல்கிறேன் என்றால், இதே வேலையைச் செய்து மாட்டியவன் நான்.

மதுரையில் பைப், ஃபிட்டிங்ஸ் விற்கும் மொத்த வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். லைனுக்குப் போகிற விற்பனையாளர்கள் ஏழு பேர். மாத விற்பனை 2 லட்சத்துக்குள் என்றால் 1 சதவீதம், 2 லட்சத்திலிருந்து 2 சதவீதம், 5 லட்சத்திலிருந்து 3 சதவீதம். எட்டிய சதவீதம் மொத்தத் தொகைக்கும் பொருந்தும். E நெடுவரிசையில் 0, 200000, 500000 என்று ஸ்லாப்பின் தொடக்கத் தொகை, F-இல் சதவீதம். ஒரு வருடம் ஒரு சிக்கலும் இல்லை.

ஒரு மாதம் 28-ஆம் தேதி முதலாளி சொன்னார்: “தம்பி, மூணரை லட்சம் தாண்டுனா ரெண்டரை பெர்சென்ட்னு ஒண்ணு சேத்துரு.” சேர்த்தேன். எங்கே? 500000-க்குக் கீழே. ஃபார்முலாவில் வரம்பை ஒரு வரிசை நீட்டியும் விட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

```
=B2*VLOOKUP(B2,$E$2:$F$5,2,TRUE)
```

மூத்த விற்பனையாளர் ஒருவர், அந்த மாதம் 5,60,000 அடித்திருந்தார். என் தாளில் அவருக்கு 14,000 ரூபாய். அவர் எக்செல்லைத் தொட்டதே இல்லை. பில் புக்கின் பின்னட்டையில் பென்சிலால் பெருக்கி, என் மேசையில் வைத்தார். 16,800.

“தம்பி, உங்க கம்ப்யூட்டருக்கு அஞ்சரைக்கு மூணு பெர்சென்ட் தெரியாதா?”

“அண்ணே, ஃபார்முலா போட்டது, தப்பு வராது” என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். கடைசியில் TRUE போட்ட VLOOKUP, டேபிளை வரி வரியாகப் படிப்பதில்லை. ஏறுவரிசையில்தான் இருக்கும் என்று நம்பி, நடுவில் ஓர் இடத்தைப் பார்க்கிறது. அங்குள்ள எண் தேடும் தொகையைவிடப் பெரிது என்றால் கீழ்ப்பாதியை அப்படியே தள்ளிவிட்டு மேலே போகும். சிறிதோ சமமோ என்றால் கீழே போகும். என் டேபிள் 0, 200000, 500000, 350000 என்று இருந்தது. 5,60,000-ஐத் தேடிப் போனபோது 500000 சிறிது என்று கீழே இறங்கியது, அங்கே 350000-மும் சிறிது, அதுவே கடைசி வரி. எடு 2.5 சதவீதம். இன்னொருவர் 3,80,000 விற்றிருந்தார். அவருக்கு 500000 பெரிது என்றதும் அடியில் இருந்த 350000-ஐ எட்டிக்கூடப் பார்க்காமல் மேலே போய் 2 சதவீதத்தை எடுத்துவந்தது. 9,500 வரவேண்டியவருக்கு 7,600. ஆக, நான் சேர்த்த ஸ்லாப் யாருக்காகச் சேர்த்தேனோ அவருக்குக் கிடைக்கவில்லை, சம்பந்தமே இல்லாதவருக்கு வெட்டு விழுந்தது. 2 லட்சத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு எல்லாம் சரி. உங்களுக்கும் “சிலருக்கு மட்டும்” தப்பு வருவது இதனால்தான்.

டேபிளை E-ஐ வைத்து ஏறுவரிசையில் சார்ட் செய்தால் முடிந்தது. இன்னொரு தடவை மாட்டாமல் இருக்க, பக்கத்து நெடுவரிசையில் `=E3>E2` என்று போட்டு இழுத்து வைத்திருக்கிறேன். ஒன்று FALSE ஆனாலும் அந்த மாதக் கணக்கை வெளியே கொடுப்பதில்லை. அப்புறம், முதல் வரி 0-தான். அங்கே 200000-இல் தொடங்கினால் அதற்குக் கீழே விற்றவருக்கு #N/A வரும். அதை மறைக்க IFERROR போட்டு 0 ஆக்கினால், பாவம், ஒரு மனிதனின் கமிஷனையே மறைத்துவிடுவீர்கள்.

“XLOOKUP இருக்கும்போது இன்னும் VLOOKUP-ஆ” என்று யாராவது வருவார்கள் என்று தெரியும். சரிதான், அதில் பொருத்த வகையை -1 என்று கொடுத்தால் வரிசை கலைந்திருந்தாலும் சரியான ஸ்லாப்பைப் பிடிக்கும். எங்கள் ஆபீஸில் இருந்தது 2013 எக்செல், ஐயா. டோனர் வாங்கித் தரச் சொன்னாலே மூன்று நாள் ஆகும் இடம். IF-உம் வேலை செய்யும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சதவீதங்கள் ஃபார்முலாவுக்குள் போய்ப் பதுங்கிவிடும். விற்பனையாளரிடம் திரையைக் காட்டி “இதோ பாருங்கள், உங்கள் ஸ்லாப் இது” என்று சொல்ல முடியாது.

எனக்கு ஆற்றாமை வேறு ஒன்றில். நான் காசு கட்டிப் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் “VLOOKUP கடைசியில் எப்பவும் FALSE போடு, கேள்வி கேட்காதே” என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்லாப்புக்கு FALSE போட்டால், சரியாக 2,00,000, 5,00,000 என்று ஸ்லாப் தொடங்கும் தொகைக்கே விற்றவனைத் தவிர மற்றவனுக்கெல்லாம் #N/A. TRUE எதற்கு இருக்கிறது என்று அந்த வாத்தியாருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். சான்றிதழில் மட்டும் தங்க நிறத்தில் பூ போட்டிருந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டேபிளைச் சரிசெய்வதற்கு முன்னால் முதலாளியிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: உயர்ந்த சதவீதம் மொத்தத்துக்கா, ஸ்லாப்பைத் தாண்டிய தொகைக்கு மட்டுமா? எங்களிடம் மொத்தத்துக்கு என்று இருந்ததால் 4,98,000 விற்றவருக்கு 12,450, 5,02,000 விற்றவருக்கு 15,060. நாலாயிரம் ரூபாய் பைப்புக்கு 2,610 ரூபாய் வித்தியாசம். விளைவு, 31-ஆம் தேதி சாயங்காலம் தெரிந்த கடைக்காரர் பேரில் ஒரு பில் விழும். அடுத்த மாதம் 4-ஆம் தேதி அதே சரக்கு ரிட்டர்னில் வரும். இதைப் பார்த்துத்தான் முதலாளி, வருமான வரி மாதிரி தாண்டிய தொகைக்கு மட்டும் என்று மாற்றினார்.

அப்படியென்றால் G என்று இன்னொரு நெடுவரிசை வேண்டும்: ஒவ்வொரு ஸ்லாப்பும் தொடங்கும்போது அதுவரை சேர்ந்துவிட்ட கமிஷன். எங்கள் டேபிளில் அது 0, 2000, 5000, 8750. மூன்றாவது எண் எப்படி வந்தது? இரண்டாவது ஸ்லாப்பின் அகலம் 1,50,000, அதற்கு 2 சதவீதம் 3,000, முந்தைய 2,000-ஓடு சேர்த்து 5,000.

```
=VLOOKUP(B2,$E$2:$G$5,3,TRUE)
+(B2-VLOOKUP(B2,$E$2:$G$5,1,TRUE))
*VLOOKUP(B2,$E$2:$G$5,2,TRUE)
```

இதில் 4,98,000-க்கு 8,700, 5,02,000-க்கு 8,810. அந்த 31-ஆம் தேதி பில்கள் நின்றுபோயின. ஆனால் 5,60,000-க்கு 16,800 வாங்கியவர் 10,550-க்கு இறங்கினார். அதற்கு என்னைத் திட்டாதீர்கள், சதவீதத்தை ஏற்றித் தரச் சொல்லி அந்த அண்ணனோடு சேர்ந்து நானும்தான் கேட்டேன். ஆறு மாதம் இழுத்துத்தான் கிடைத்தது. அவர் இன்னமும் பில் புக் அட்டையில் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் என் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், நான் அந்த வேலையை விடும்வரைக்கும்.