எஸ் எழுத்தை நீக்கினால் மட்டும் வாக்கியம் திருந்தாது

கேள்வி: ஐயா, நான் நாகர்கோவிலில் செவிலியராக இருக்கிறேன். இங்கிலாந்தில் பதிவு செய்வதற்காக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வு எழுதினேன். மற்ற மூன்று பிரிவிலும் 7 கிடைத்துவிட்டது. எழுத்துப் பிரிவில் 6.5 வேண்டும், எனக்கு வந்தது 6. பயிற்சிக் கட்டுரையில் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’, ‘ஈக்விப்மென்ட்ஸ்’ ஆகிய சொற்களை ஆசிரியர் வட்டமிட்டார். கடைசியில் இருந்த எஸ்ஸை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தேன். மறுபடியும் அதே வாக்கியங்களில் வட்டம். உதாரணத்துக்கு ஒன்று: ‘தி இன்டர்நெட் கிவ்ஸ் மெனி இன்ஃபர்மேஷன் அபௌட் ஹெல்த், பட் தே ஆர் நாட் ஆல்வேஸ் கரெக்ட்.’ இந்த மாதிரிச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் போதுமா?

பதில்: பட்டியல் ஓரளவு உதவும். ஆனால் ‘இன்ஃபர்மேஷன்’ என்ற சொல்லுக்கு எஸ் கிடையாது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் வட்டம் விழுந்திருக்கிறது. அப்படியானால் கோளாறு அந்த ஒரு சொல்லில் இல்லை, அதைச் சுற்றியுள்ள சொற்களில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல் எண்ண முடியாதது என்றால், வாக்கியத்தில் வேறு சில சொற்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அதற்கு முன்னால் ‘எ’, ‘ஆன்’, ‘மெனி’, ‘ஃபியூ’, ‘தீஸ்’ எதுவும் வரக்கூடாது. அதற்குப் பின்னால் வரும் வினை ஒருமையாக இருக்க வேண்டும். அடுத்த வரியில் அதைச் சுட்டினால் ‘தே’, ‘தெம்’ போடாமல் ‘இட்’ போட வேண்டும். நீங்கள் எஸ்ஸை மட்டும் நீக்கினீர்கள். ‘மெனி’ அப்படியே நிற்கிறது, ‘தே ஆர்’ அப்படியே நிற்கிறது. ஒரு பிழை இருந்த இடத்தில் இன்னும் இரண்டு மிச்சம்.

‘மெனி’யை எடுத்துவிட்டு ‘மச் இன்ஃபர்மேஷன்’ என்று போடலாமா என்று கேட்பீர்கள். இலக்கணப்படி தவறில்லை, ஆனால் காதுக்கு ஒட்டாது. ‘மச்’ பெரும்பாலும் எதிர்மறை வாக்கியத்திலும் கேள்வியிலும்தான் இயல்பாக உட்காரும்: ‘தேர் இஸ் நாட் மச் இன்ஃபர்மேஷன்.’ உடன்பாட்டு வாக்கியத்தில், அதுவும் கட்டுரையில், ‘எ கிரேட் டீல் ஆஃப் இன்ஃபர்மேஷன்’ என்பது நன்றாக இருக்கும். ‘எ லாட் ஆஃப்’ சற்றுப் பேச்சு நடை, பிழை அல்ல.

அடுத்து ‘தே ஆர்’. அதை ‘இட் இஸ்’ என்று மாற்றினால் எண் பொருத்தம் சரியாகிவிடும், ஆனால் வேறொரு சிக்கல் முளைக்கும். ‘இட்’ என்பது இன்டர்நெட்டைக் குறிக்கிறதா, தகவலைக் குறிக்கிறதா? இரண்டும் ஒருமை என்பதால் படிப்பவர் குழம்புவார். நான் இப்படி எழுதுவேன்: ‘தி இன்டர்நெட் கிவ்ஸ் எ கிரேட் டீல் ஆஃப் இன்ஃபர்மேஷன் அபௌட் ஹெல்த், பட் நாட் ஆல் ஆஃப் இட் இஸ் கரெக்ட்.’ ‘ஆல் ஆஃப்’ என்று வந்ததும் அளவைப் பற்றிய பேச்சு என்று தெரிந்துவிடுகிறது, ‘இட்’ எதைச் சுட்டுகிறது என்ற குழப்பமும் தீர்ந்துவிடுகிறது.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்றால், தேர்வின் மதிப்பீட்டு முறையைப் பாருங்கள். எழுத்துப் பிரிவில் நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சமமான எடை. அவற்றில் ஒன்று இலக்கணம். பொருள் புரிவதைப் பிழைகள் அதிகம் தடுக்காவிட்டால் இலக்கணத்தில் 6 கிடைத்துவிடும். 7 வேண்டுமானால் பிழையே இல்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும். தேர்வாளர் வாக்கியம் வாக்கியமாகப் பார்க்கிறார். மற்ற எல்லாம் சரியாக அமைந்த நீண்ட வாக்கியத்தில் ஒரு ‘மெனி’ தவறினாலும் அது பிழையற்ற வாக்கியங்களின் கணக்கில் சேராது.

தமிழில் தகவல்கள், அறிவுரைகள், கருவிகள் என்று தாராளமாகச் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் எஸ் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு நேர்மாறான பழக்கமும் நமக்கு உண்டு. நான்கு புத்தகம், பத்து மாடு என்று எண்ணைச் சொன்னதும் ‘கள்’ விகுதியை விட்டுவிடுகிறோம். அதனால்தான் ஒரே கட்டுரையில் வேண்டாத இடத்தில் எஸ் இருக்கும், வேண்டிய இடத்தில் இருக்காது. ‘ஒன் ஆஃப் தி மேஜர் ப்ராப்ளம்’ என்று எழுதுவது இந்த இரண்டாவது வகை. ‘ஒன் ஆஃப்’ என்றாலே பலவற்றுள் ஒன்று. ஆகவே ‘ஒன் ஆஃப் தி மேஜர் ப்ராப்ளம்ஸ்’. ஆனால் வினை அந்த ‘ஒன்’னைப் பின்பற்றும்: ‘ஒன் ஆஃப் தி மேஜர் ப்ராப்ளம்ஸ் இஸ்...’ பன்மைக்குப் பக்கத்திலேயே ஒருமை வினை வருவதால் கை தானாக ‘ஆர்’ எழுதப் பார்க்கும். அதை அனுமதிக்காதீர்கள்.

எண்ண முடியாததை எண்ணியே ஆக வேண்டும் என்றால் என்ன செய்வது? ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘த்ரீ பீசஸ் ஆஃப் ஈக்விப்மென்ட்’ என்று பாடப் புத்தகங்கள் சொல்லித்தரும். சரிதான், ஆனால் ஒரே கட்டுரையில் மூன்று முறை ‘பீசஸ் ஆஃப்’ வந்தால் சலிப்புத் தட்டும். எண்ண வேண்டியிருந்தால் சொல்லையே மாற்றிவிடுவதுதான் என் வழி. மருத்துவமனை மூன்று ‘ஈக்விப்மென்ட்’ வாங்கியது என்று ஏன் எழுத வேண்டும்? வாங்கியது வென்டிலேட்டர் என்றால் ‘த்ரீ நியூ வென்டிலேட்டர்ஸ்’ என்றே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் ‘மெஷின்ஸ்’, ‘டிவைசஸ்’ இருக்கின்றன. ‘அட்வைஸ்’ பல என்றால் ‘சஜஷன்ஸ்’ அல்லது ‘ரெகமண்டேஷன்ஸ்’. ‘இன்ஃபர்மேஷன்’ பல என்றால் ‘ஃபேக்ட்ஸ்’ அல்லது ‘டீடெய்ல்ஸ்’. ‘மெனி ரிசர்ச்சஸ் ஷோ’ என்பது நம்மவர் கட்டுரைகளில் அடிக்கடி தென்படும் தொடர். ‘மெனி ஸ்டடீஸ் ஷோ’ என்று மாற்றுங்கள், அல்லது ஒருமையில் ‘ரிசர்ச் ஷோஸ்’ என்று எழுதுங்கள். இப்படி மாற்றும்போது பொருள் துல்லியமாகிறது. சொல்வளம் தனி அளவுகோல் என்பதால் அங்கும் இது கைகொடுக்கும்.

‘அட்வைஸ்’ பற்றி ஓர் இடைக்குறிப்பு. பெயர்ச்சொல்லுக்கு எழுத்து சி, வினைச்சொல்லுக்கு எஸ். ‘தி டாக்டர் அட்வைசஸ் ஹிம் டு ரெஸ்ட்’ என்பது வினை, அது சரியானது. ஆகவே ‘அட்வைசஸ்’ கண்ணில் பட்டதும் அடித்துவிடாதீர்கள். பெயராக நிற்கிறதா, வினையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

மனப்பாடப் பட்டியலை நான் முழுதும் நம்பாததற்கு இன்னொரு காரணம், சில சொற்கள் இரு பக்கமும் நிற்பவை. உங்கள் பணி அனுபவத்தைச் சொல்லும்போது ‘எக்ஸ்பீரியன்ஸ்’ எண்ண முடியாதது: ‘ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’. வாழ்வில் நேர்ந்த நிகழ்வுகளைச் சொன்னால் ‘எக்ஸ்பீரியன்சஸ்’ சரி. வேலை என்ற பொருளில் ‘வொர்க்’ எண்ண முடியாதது. ஓர் ஓவியரின் படைப்புகள் என்றால் ‘வொர்க்ஸ்’. சந்தேகம் வந்தால் மாணவர்களுக்கான ஆங்கில அகராதியைத் திறந்து பாருங்கள். கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையப் பக்கத்தில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் [U] அல்லது [C] என்று இருக்கும். முதலாவது எண்ண முடியாதது, இரண்டாவது எண்ணக்கூடியது. இரண்டும் இருந்தால் கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படித்து, உங்களுக்கு வேண்டிய பொருள் எந்தக் குறியின்கீழ் வருகிறது என்று பாருங்கள்.

எஸ்ஸில் முடிந்தும் ஒருமையாக நடப்பவையும் உண்டு. ‘நியூஸ்’ எல்லோருக்கும் தெரியும். உங்கள் துறையில் ‘டயபீடிஸ்’ அப்படிப்பட்டது: ‘டயபீடிஸ் இஸ்’, ‘ஆர்’ அல்ல. ‘ஸ்டாஃப்’ இன்னொரு விதம். அது ஒரு குழுவின் பெயர். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘தி ஸ்டாஃப் ஆர்’ என்று பன்மை வினை வரலாம். ஆனால் பத்துப் பேர் என்பதற்காக ‘டென் ஸ்டாஃப்ஸ்’ ஆகாது. ‘டென் மெம்பர்ஸ் ஆஃப் ஸ்டாஃப்’ என்று எழுதுங்கள். நம் மருத்துவமனைகளில் ‘ஸ்டாஃப்’ என்றாலே ஒரு செவிலியர் என்று வழங்குவதால் இந்த எஸ் உங்களுக்குத் தெரியாமலே வந்து சேரும்.

அகாடமிக் தேர்வின் முதல் பகுதியில் வரைபடமோ அட்டவணையோ வரும், அங்கே எண்கள் நிறைய. ‘தி நம்பர் ஆஃப் பேஷன்ட்ஸ்’ என்றால் பேச்சு அந்த எண்ணைப் பற்றியது, ஆகவே ‘வாஸ்’. ‘எ நம்பர் ஆஃப் பேஷன்ட்ஸ்’ என்றால் நோயாளிகள் பலர், ஆகவே ‘வேர்’. முன்னால் உள்ள ஒரு சிறு சொல் வினையையே மாற்றிவிடுகிறது. எண்ண முடிந்ததற்கு ‘நம்பர்’, முடியாததற்கு ‘அமௌன்ட்’: ‘தி நம்பர் ஆஃப் டூரிஸ்ட்ஸ்’, ‘தி அமௌன்ட் ஆஃப் வாட்டர்’. சதவீதம் வந்தால், அதை அடுத்து வரும் பெயர்தான் வினையைத் தீர்மானிக்கும். ‘20 பர்சென்ட் ஆஃப் தி வாட்டர் வாஸ்’, ஆனால் ‘20 பர்சென்ட் ஆஃப் தி பேஷன்ட்ஸ் வேர்’. ‘மில்லியன்’ முன்னால் எண் இருந்தால் எஸ் வேண்டாம்: ‘ஃபைவ் மில்லியன் பீப்பிள்’. எண் இல்லாமல் பொதுவாகச் சொன்னால் மட்டும் ‘மில்லியன்ஸ் ஆஃப் பீப்பிள்’.

60 நிமிடத்தில் கடைசி மூன்று நான்கு நிமிடத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். கணினியில் எழுதினாலும் தேர்வுத் திரையில் எழுத்துப்பிழை காட்டும் வசதி இருக்காது. வீட்டில் பயிற்சி செய்யும்போதும் அதை அணைத்து வையுங்கள். அந்த நேரத்தில் கட்டுரையைப் பொருளுக்காகப் படிக்காதீர்கள். எண்ண முடியாத சொற்களைத் தேடினால் கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும், ஏனென்றால் எழுதும்போதே அவை சரியென்று தோன்றித்தான் எழுதியிருப்பீர்கள். அதற்குப் பதிலாக ‘மெனி’, ‘ஃபியூ’, ‘தீஸ்’, ‘தே’, ‘ஒன் ஆஃப்’ ஆகியவற்றைத் தேடுங்கள். கட்டுரையில் இவை சிலவே இருக்கும், சட்டென்று கண்ணில் படும். ஒவ்வொன்றிலும் நின்று, அது எந்தப் பெயரைச் சார்ந்தது என்று விரல் வைத்துப் பாருங்கள். ‘தே’ என்பதற்கு முந்தைய வாக்கியத்தில் ஒரு பன்மைப் பெயர் கிடைக்கவில்லை என்றால், திருத்த வேண்டிய இடம் அதுதான்.