சம்பளச் சீட்டில் 7.5 என்றால் எத்தனை மணி, எத்தனை நிமிடம்?

கேள்வி: ஒரு கிடங்கில் மணிக்கணக்குச் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன், மணிக்கு 120 ரூபாய். வேலை நேரத்தை என் டைரியில் 7.30, 7.45 என்று குறித்து வைக்கிறேன். ஆபீஸ் டைம்ஷீட்டில் அதே நாட்களுக்கு 7.5, 7.75 என்று இருக்கிறது. வார மொத்தமும் ஒத்துப்போகவில்லை. யார் கணக்கு சரி?

பதில்: அந்த இரண்டு நாட்களைப் பொறுத்தவரை இரண்டு கணக்கும் ஒன்றுதான். புள்ளிக்குப் பின்னால் நீங்கள் எழுதுவது நிமிடம், ஆபீஸ் எழுதுவது ஒரு மணி நேரத்தின் பங்கு. டைம்ஷீட்டில் புள்ளிக்கு முன்னால் உள்ள எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள், பின்னால் உள்ளதை மட்டும் 60-ஆல் பெருக்குங்கள். 0.5-ஐ 60-ஆல் பெருக்கினால் 30, ஆகவே 7.5 என்பது 7 மணி 30 நிமிடம். 0.75-க்கு 45 நிமிடம். உங்கள் டைரியிலிருந்து ஆபீஸ் கணக்குக்குப் போக, நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் போதும்.

மொத்தம் ஏன் இடிக்கிறது என்பதற்கு ஒரு வாரத்தை எடுத்துப் பார்ப்போம். டைரியில் ஆறு நாட்களுக்கு 7.30, 7.45, 7.30, 8.15, 7.50, 7.30 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இதை அப்படியே கால்குலேட்டரில் கூட்டினால் 45 வரும். ஆனால் கால்குலேட்டருக்கு 60 நிமிடம் ஒரு மணி என்பது தெரியாது, அது நூறு நூறாகத்தான் கூட்டும். மணியைத் தனியாகக் கூட்டுங்கள்: 43. நிமிடத்தைத் தனியாகக் கூட்டுங்கள்: 200, அதாவது 3 மணி 20 நிமிடம். சரியான மொத்தம் 46 மணி 20 நிமிடம். ஆபீஸ் முறையில் அது 46.33. சம்பளம் 5,560 ரூபாய், உங்கள் கால்குலேட்டர் கணக்குப்படி போனால் 5,400 தான். ஆக, டைரியில் எழுதியது சரி, கூட்டிய விதம்தான் உங்களுக்கே 160 ரூபாயைக் குறைத்துக் காட்டுகிறது.

20 நிமிடம் என்பது 0.33333 என்று நீண்டுகொண்டே போகும். டைம்ஷீட்டில் 46.33 என்று நிறுத்துவதால் மாறுவது 40 பைசா. அதை விட்டுவிடலாம்.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. சூப்பர்வைசர் உங்களைப் போலவே 7.30 என்று நிமிடத்தில் எழுதிக் கொடுத்து, சம்பளம் போடுபவர் அதை மாற்றாமல் அப்படியே கணினியில் ஏற்றினால் என்ன ஆகும்? மென்பொருள் 0.30 மணி என்று எடுத்துக்கொள்ளும், அது 18 நிமிடம். உங்களுக்கு 12 நிமிடம் போச்சு. ஒரு நாளைக்கு 24 ரூபாய், 26 நாளும் இப்படியே போனால் 624 ரூபாய். இந்தத் தவறு தொழிலாளிக்குச் சாதகமாக ஒரு நாளும் வராது, ஏனென்றால் நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் 100-ஆல் வகுத்தால் விடை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். ஓவர்டைமில் அடி இன்னும் பலம். இரட்டிப்பு ஊதியத்தில் 45 நிமிட ஓவர்டைமை 0.45 என்று ஏற்றினால் 18 நிமிடம் காணாமல் போகும், அதன் மதிப்பு 72 ரூபாய்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு மாத டைம்ஷீட்டை வரிசையாகப் பாருங்கள். புள்ளிக்குப் பின்னால் .75, .83 போன்ற எண்கள் வந்தால் அது பங்குக் கணக்கு, நிமிடத்தில் 75 என்று ஒன்று இருக்க முடியாது. மாதம் முழுக்க ஒரு எண்கூட .59-ஐத் தாண்டவில்லை, .15, .30, .45 மட்டுமே திரும்பத் திரும்ப வருகிறது என்றால் நிமிடத்தை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஏமாற்றும் எண் .50 தான். உங்கள் டைரியில் 7.50 என்றால் 7 மணி 50 நிமிடம், டைம்ஷீட்டில் அதே 7.50 என்றால் 7 மணி 30 நிமிடம். இன்றிலிருந்து டைரியில் புள்ளி வைக்காமல் 7:50 என்று எழுதுங்கள்.

எக்செல்லில் கணக்கு வைத்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 7:30 என்று அடித்தால் எக்செல் அதை ஒரு நாளின் பங்காகத்தான் சேமிக்கும், அதை நேரடியாக 120-ஆல் பெருக்கினால் 37.5 ரூபாய் என்று வரும். முதலில் 24-ஆல் பெருக்கி, அந்தக் கட்டத்தை நம்பர் வடிவத்துக்கு மாற்றுங்கள்:

```
=A2*24*120
```

மணி நிமிடமாகவே வார மொத்தம் வேண்டுமென்றால் கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என்று வையுங்கள். அந்தச் சதுர அடைப்பு இல்லாவிட்டால் 24 மணி தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணும், 46:20 என்பது 22:20 என்று தெரியும்.

சந்தேகம் உறுதியானால் மாத மொத்தத்தைக் காட்டி வாதாடாதீர்கள், பேச்சு எங்கெங்கோ போய்விடும். கைரேகை இயந்திரத்தில் பதிவான வருகை, வெளியேறும் நேரத்தோடு ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 9 முதல் மாலை 5 வரை, சாப்பாட்டு இடைவேளை அரை மணி போக 7 மணி 30 நிமிடம், உங்கள் ஷீட்டில் ஏன் 7.30 என்று கேளுங்கள். அந்த ஒரு நாளை அவர்கள் திருத்த ஒப்புக்கொண்டால், அதே முறையில் ஏற்றிய பழைய மாதங்களுக்கும் பாக்கியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.