விற்பனையில் 3 சதவீதம் விளம்பரத்துக்குப் போதுமா?

"கோத்தகிரியில் பாக்கெட் டீத்தூள் வியாபாரம் செய்கிறோம். நீலகிரிக்குள் மட்டும் மாதம் 3 டன் போகிறது. அதில் 2 டன் கோத்தகிரி, குன்னூர் பக்கம். ஆண்டு விற்பனை 90 லட்சம், விளம்பரத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். விற்பனையில் 3 சதவீதம், அதுவே தாராளம் என்கிறார் ஆடிட்டர். டிவியில் பெரிய கம்பெனிகள் வருகிற வேகத்துக்கு இது எந்த மூலைக்கு என்கிறார் எங்கள் ஏஜென்ட். யார் சொல்வதைக் கேட்பது?"
- ஒரு வாசகி, கோத்தகிரி

ஆடிட்டர் உங்கள் கல்லாவைப் பார்த்துச் சொல்கிறார், ஏஜென்ட் கடைவீதியைப் பார்த்துச் சொல்கிறார். எவ்வளவு தாங்கும் என்று கேட்டால் ஆடிட்டரின் கணக்கு சரி. போதுமா என்று கேட்டால் ஏஜென்ட் பக்கம்தான் விடை இருக்கிறது. ஆனால் அவரும் அதைக் கணக்காகப் போட்டுக் காட்டவில்லை.

முதலில் அந்த 3 சதவீதம். விளம்பரச் செலவை விற்பனையால் வகுத்து வருகிற இந்த விகிதத்துக்குப் போட்டிக் கம்பெனி என்ன செய்கிறது என்றே தெரியாது. உங்கள் தொழிலில் இதற்கு இன்னொரு கோளாறும் உண்டு. ஏலத்தில் டீத்தூள் விலை ஏறி, கிலோ 250 ரூபாய்க்குக் கொடுத்ததை நீங்கள் 300 ஆக்குகிறீர்கள் என்று வையுங்கள். அதே 36 டன்தான் போகிறது, ஆனால் விற்பனை 1 கோடியே 8 லட்சம் ஆகிவிடும். விளம்பரம் இரண்டரை சதவீதத்துக்கு இறங்கியதாகக் கணக்கு காட்டும். கடைவீதியில் எதுவுமே மாறியிருக்காது. விலை விழுந்த வருஷத்தில் இதுவே தலைகீழாகும். விற்பனை குறைந்துவிட்டதே என்று விளம்பரத்தையும் குறைப்பீர்கள், அடுத்த வருஷம் கிலோவும் குறையும். அப்புறம், அந்த 2.70 லட்சத்தில் "அரை கிலோ வாங்கினால் டம்ளர் இலவசம்", கடைக்காரர் கமிஷன் எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அவை விற்பனைச் சலுகைகள், தனியாக எழுத வேண்டியவை. மொத்தமும் விளம்பரம்தான் என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

ஏஜென்டின் கவலையை அளக்கும் கணக்குக்கு ஷேர் ஆஃப் வாய்ஸ் என்று பெயர். உங்கள் சந்தையில் டீத்தூளுக்காக எல்லோரும் செய்கிற விளம்பரச் செலவில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்பதுதான் அது. அதை உங்கள் சந்தைப் பங்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சந்தைப் பங்கைக் கிலோவில் போடுங்கள். உங்கள் 90 லட்சம் கடைக்குக் கொடுக்கிற விலை, ஜனங்கள் வாங்குவது எம்ஆர்பியில். ரூபாயில் போட்டால் இரண்டும் கலந்து பங்கு தப்பாக வரும். 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 7.35 லட்சம். வீட்டுக்கு 4 பேர் என்றால் சுமார் 1.8 லட்சம் வீடு. வீட்டுக்கு மாதம் அரை கிலோ என்று வைத்தால் ஆண்டுக்கு 10.8 லட்சம் கிலோ. ஃபேக்டரியிலிருந்து வருகிற தூள், உதிரியாக வாங்குவது என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 7.2 லட்சம் கிலோ மிஞ்சும். உங்கள் 36 டன் அதில் 5 சதவீதம். அரை கிலோ, மூன்றில் ஒன்று இரண்டும் என் அனுமானம். உங்கள் ஏஜென்ட் நாலு கடையில் விசாரித்தால் இன்னும் நெருக்கமாகச் சொல்வார்.

அடுத்தது விளம்பரம். சேனல் விளம்பரத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் மலைத்துப் போகிறார்கள். தமிழ்நாட்டு மக்களில் நீலகிரி நூற்றில் ஒரு பங்குதான், ஆகவே தமிழ்ச் சேனல்களில் டீக்குச் செலவாகிற பணத்தில் நூற்றில் ஒரு பங்கை இந்த மாவட்டத்துக்கு எழுதுங்கள். மொத்தச் செலவை விளம்பர ஏஜென்சி மூலம் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். 30 கோடி என்று வைத்தால் நமக்கு 30 லட்சம். உள்ளூர் கேபிள், பேப்பருக்குள் வைக்கிற நோட்டீஸ், பஸ் பின்புறம், கடை போர்டு இவற்றை ஏஜென்டே ஒரு மாதம் எண்ணி, எல்லோருக்கும் ஒரே ரேட் போட்டு 12 மாதத்துக்குக் கணக்கிடட்டும். அது 27 லட்சம் என்று கொள்வோம். மற்றவர்கள் 57 லட்சம், நீங்கள் 2.70. உங்கள் பங்கு நாலரை சதவீதம். சந்தைப் பங்கைவிட அரைப் புள்ளி கம்மி.

அரைப் புள்ளிதானே என்று விட முடியாது. விளம்பர ஆய்வாளர் ஜான் ஃபிலிப் ஜோன்ஸ் 1990-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராண்டுகளின் கணக்கு இருக்கிறது. உங்களைப் போல 5 சதவீதம் வைத்திருக்கிற சிறிய பிராண்டுகள் தங்கள் சந்தைப் பங்கைவிடச் சராசரியாக 4 புள்ளி கூடுதலாகக் குரல் கொடுக்கின்றன. 20 சதவீதத்தைத் தாண்டிய பெரியவை, பங்கைவிடக் குறைவாகச் செலவழித்தும் நின்றுவிடுகின்றன. ஆகவே பெரிய கம்பெனியின் சதவீதத்தைப் பார்த்து உங்களுக்கு ஒதுக்கக் கூடாது.

அந்தக் கணக்கில் உங்களுக்கு 9 சதவீதம் வேண்டும். நீங்கள் கூட்டினால் மொத்தமும் கூடுமாதலால் சுமார் 5.65 லட்சம் ஆகும். இங்கேதான் நிதானம் வேண்டும். லெஸ் பினே, பீட்டர் ஃபீல்ட் இருவரும் பிரிட்டன் விளம்பரங்களை ஆராய்ந்து சொன்ன சராசரிப்படி, 10 புள்ளி கூடுதல் குரலுக்கு ஆண்டில் அரைப் புள்ளி பங்குதான் உயர்கிறது. 4 புள்ளிக்கு 0.2. உங்கள் சந்தையில் அது 1,440 கிலோ, 3.6 லட்சம் ரூபாய் விற்பனை. கிலோவுக்கு 50 ரூபாய் நிற்கிறது என்றால் 72,000 ரூபாய். அதற்காகக் கூடுதலாக 3 லட்சம் போட வேண்டும். வந்த வாடிக்கை அடுத்த வருஷமும் தங்கும் என்றாலும், கடன் வாங்கி இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த எண்கள் பெரும்பாலும் பெரிய பிராண்டுகளுடையவை. விளம்பரம் நன்றாக இருக்கிறதா, பாக்கெட் கடையில் கிடைக்கிறதா என்பதும் இவற்றில் தெரியாது.

என் யோசனை, பணத்தைக் கூட்டாமல் இடத்தைச் சுருக்குங்கள். ஆறு தாலுகாவிலும் தெளிக்கிற 2.70 லட்சத்தைக் கோத்தகிரி, குன்னூரில் மட்டும் போடுங்கள். அந்த இரண்டும் மாவட்டச் சந்தையில் மூன்றில் ஒன்று என்றால், உங்கள் 2 டன் அங்கே 10 சதவீதப் பங்கு. மற்றவர்களின் குரல் அங்கே 19 லட்சம். உங்கள் ஷேர் ஆஃப் வாய்ஸ் 12 சதவீதத்தைத் தாண்டும். அரைப் புள்ளி பின்னால் இருந்தவர்கள் 2 புள்ளி முன்னால் வருகிறீர்கள். இன்னொரு 50,000 ரூபாய் போட முடிந்தால் 14 சதவீதம். ஆடிட்டர் ஏட்டில் அது மூன்றரை சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதை அவர் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு நஷ்டம் உண்டு. ஊட்டி, கூடலூர் பக்கம் போகிற 1 டன்னுக்கு விளம்பரமே இராது. அங்கே பத்துக் கடையைக் குறித்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எத்தனை கிலோ போனது என்று எழுதுங்கள், ரூபாய்க் கணக்கு வேண்டாம். கோத்தகிரியிலும் பத்துக் கடை. மழை, சீசன் இரண்டும் விற்பனையை ஆட்டுவதால் சென்ற ஆண்டின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். கூடலூரில் இறங்குகிற கிலோ, கோத்தகிரியில் ஏறுகிற கிலோவை மிஞ்சினால், அந்த 50,000-ஐ அங்கே கடை போர்டுக்குத் திருப்பிவிடுங்கள்.