எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நீர்க்கடுப்பு ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 34. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. ஆறு மாதத்தில் மூன்று முறை யூரினரி இன்ஃபெக்‌ஷன் வந்துவிட்டது. மூன்று முறையும் மாத்திரையை முழுசாகத்தான் போட்டேன். கல்ச்சரில் ஈ.கோலை என்றார்கள். "கிருமி ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார் டாக்டர். நிறையத் தண்ணீர் குடித்தால் அடித்துக்கொண்டு போய்விடாதா? ஆன்லைனில் டி-மேனோஸ் பவுடர் விற்கிறார்களே, வாங்கலாமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: ஒட்டிக்கொண்ட கிருமியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகாது. ஒட்டுவதற்கு முன்னால் இருப்பதைத்தான் கொண்டுபோகும். உங்கள் கேள்வி முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ஈ.கோலையின் உடம்பைச் சுற்றி நூற்றுக்கணக்கில் மெல்லிய நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பைலை என்பார்கள், ஃபிம்ப்ரியே என்பார்கள்; இந்த இடத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒரு நூலின் நீளம் கிட்டத்தட்ட அந்தக் கிருமியின் நீளமே இருக்கும். அகலமோ, நம் தலைமுடி ஒன்றின் குறுக்கே பத்தாயிரம் நூலைப் பக்கம் பக்கமாக அடுக்கிவிடலாம், அவ்வளவு மெல்லியது. நூலின் நுனியில் ஃபிம்ஹெச் என்று ஒரு புரதம். அதில் ஒரு சின்னக் குழி. மேனோஸ் என்ற சர்க்கரை அந்தக் குழிக்குள் சரியாகப் போய் உட்காரும். நம் சிறுநீர்ப்பையின் உள்பக்கத்தை மூடியிருக்கும் செல்களின் மேல்பரப்பிலோ அந்த மேனோஸ் நிறையவே இருக்கிறது.

மாணவர்களுக்கு இதைக் கண்ணால் காட்ட நான் ஒன்று செய்வேன். ஈ.கோலையைத் திரவ ஊடகத்தில் ஆட்டாமல் அசைக்காமல் இரண்டு நாள் வைத்தால் நூல் நன்றாக வளரும். அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைக் கரைத்து அதோடு கலந்து மெல்ல ஆட்டுவேன். ஈஸ்ட்டின் மேல்தோலிலும் மேனோஸ் உண்டு. ஒரு நிமிஷம்கூட ஆகாது, திரிந்த பால்போல வெள்ளைத் திட்டுகள் தெரியும். இன்னொரு தகட்டில் முதலிலேயே மேனோஸ் கரைசலைக் கலந்துவிட்டு இதையே செய்தால் ஒன்றும் திரியாது. குழிகளையெல்லாம் தனிச் சர்க்கரை அடைத்துவிட்டது. நீங்கள் கேட்ட பவுடரின் யோசனை பிறந்தது இங்கேதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

தண்ணீர் விஷயம். சுருக்கு முடிச்சை இழுத்தால் இறுகுமல்லவா? ஃபிம்ஹெச்சின் பிடியும் அப்படித்தான். சிறுநீர்ப்பை அமைதியாக இருக்கும்போது பிடி தளர்வாக இருக்கும். கிருமி விட்டுவிட்டுப் பிடித்து மெல்ல நகர்ந்து பரவும். நீங்கள் சிறுநீர் கழிக்கும்போது ஓட்டம் நூலை இழுக்கிறது. இழுத்ததும் நுனிப் புரதம் உருமாறி, குழி மேனோஸை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு தந்திரமும் உண்டு. அந்த நூல் சுருட்டப்பட்டது, பழைய லேண்ட்லைன் போன் வயர் மாதிரி. ஓட்டம் வேகமாக இருந்தால் சுருள் பிரிந்து பல மடங்கு நீண்டு கொடுக்கும், ஓட்டம் நின்றதும் மறுபடி சுருண்டுகொள்ளும். அதனால்தான் எரிச்சல் ஆரம்பித்த அன்று நாலு லிட்டர் தண்ணீர் குடித்தும் கேட்பதில்லை. வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர் எல்லாம் இதே கதைதான். அவற்றால் வரும் நன்மை உள்ளே போகும் தண்ணீரின் அளவுதான் என்பது என் எண்ணம்.

அப்படியானால் தண்ணீர் வீணா? இல்லை, தொற்று இல்லாத நாட்களில்தான் அதற்கு வேலை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிருமி அரைமணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்தில் ஒன்று 16 ஆகும். எட்டு மணி நேரம் அடக்கினால் 65,536. ஒருமுறை கழிக்கும்போது முப்பதில் ஒரு பங்கு உள்ளே தங்குகிறது என்றால், 16 மடங்கை அது சமாளித்துவிடும், 65,536 மடங்கை முடியாது. உடம்புக்குள் இவ்வளவு சீராக நடக்காதுதான். ஆனால் ஜவுளிக்கடையில் காலை பத்துக்கு நின்றால் மாலைவரை பாத்ரூம் போக வழியில்லாமல், அதற்காகவே தண்ணீரும் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களிடம் ஓராண்டு நடத்திய ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு அளவைக் கூட்டுங்கள்.

மாத்திரை முழுசாகப் போட்டும் ஏன் திரும்பியது? ஒட்டுவதோடு கதை முடிவதில்லை. நூலின் நுனி பிடித்துக்கொண்ட செல்லே கிருமியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. எலிகளில் பார்த்தால், சில மணி நேரத்தில் ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கில் பெருகி அடைந்துகிடக்கின்றன. தொற்று வந்த பெண்களின் சிறுநீரிலும் இப்படிக் கிருமி அடைந்த செல்கள் உதிர்ந்து வந்ததைப் பார்த்திருக்கிறார்கள். உடம்பு அந்தச் செல்களை உதிர்த்துத் தள்ளுகிறது, நல்லதுதான். ஆனால் எலிகளில் அடியடுக்குச் செல்களில் சில கிருமிகள் வாரக்கணக்கில் தூங்கிக்கிடக்கின்றன. சிறுநீரில் கரைந்து வரும் மருந்து அந்த அறைக்குள் சரியாகப் போய்ச் சேருவதில்லை. குடலிலிருந்து அதே கிருமி மறுபடி ஏறி வருவதும் உண்டு, அதுதான் அதிகம். இதில் எது நடந்தது என்று கல்ச்சர் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கல்ச்சரில் வளர்வது பெரும்பாலும் ஒட்டாமல் வெளியே வந்த கிருமிதான். நூல் இருக்கிறதா இல்லையா என்று எந்த லேபும் எழுதித் தருவதுமில்லை.

டி-மேனோஸுக்கு வருவோம். பிரிட்டனில் அடிக்கடி தொற்று வரும் 598 பெண்களுக்கு ஆறு மாதம் தினமும் 2 கிராம் மேனோஸோ, தோற்றத்தில் அதே போன்ற வேறு சர்க்கரையோ கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2024-இல் வந்தது. மேனோஸ் சாப்பிட்டவர்களில் 51 சதவீதம் பேர் மறுபடி தொற்று என்று டாக்டரிடம் போனார்கள், மற்றவர்களில் 55.7. இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. கண்ணாடித் தகட்டில் ஓட்டமும் இல்லை, உயிருள்ள செல்லும் இல்லை. தோற்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இனி உங்களுக்கு. அடுத்தமுறை எரிச்சல் தொடங்கியதும் மெடிக்கலில் பழைய மாத்திரையை வாங்கிப் போடாமல், முதல் மாத்திரைக்கு முன்பே நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்துக் கல்ச்சருக்குக் கொடுங்கள். ஒரு டோஸ் உள்ளே போனாலே கிருமி வளராமல் ரிப்போர்ட் சுத்தமாக வந்துவிடலாம். ஆறு மாதத்தில் மூன்று முறை என்பதால் சர்க்கரையும் பாருங்கள், சிறுநீர் கழித்த பிறகு உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று ஒரு ஸ்கேனும் எடுங்கள். எரிச்சலே இல்லாதபோது சும்மா கல்ச்சர் எடுத்து, அதில் கிருமி தெரிந்தது என்பதற்காக மாத்திரை போட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு மட்டும் அது வேறு விஷயம்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு பக்கம் வலி, வாந்தி என்றால் காலைவரை காத்திருக்காதீர்கள். சில ஈ.கோலைகளிடம் பி-பைலை என்று வேறொரு நூலும் உண்டு. அதன் நுனி தேடுவது மேனோஸை அல்ல, சிறுநீரகச் செல்களின் மேல் இருக்கும் இன்னொரு சர்க்கரை இணையை. அது பிடித்துவிட்டால் நீர்க்கடுப்பு சிறுநீரகத் தொற்றாகிவிடும், அன்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.