மாதம் இருமுறையா, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தத்தில் 'பைமன்த்லி சர்வீஸ்' என்று இருந்தது. மாதம் இருமுறை வருவார்கள் என்று நினைத்தோம்; குன்னூரிலிருந்து மெக்கானிக் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். தோட்டக்காரர் வேறு, ஃபோர்ட்நைட்லி சம்பளம் என்று சொல்லி ஜூலையில் மூன்று முறை பணம் கேட்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: ஜெனரேட்டர் விஷயத்தில் அகராதியைத் திறந்தால் தீர்வு கிடைக்காது. ஆங்கில அகராதிகளே 'பைமன்த்லி' என்பதற்கு மாதம் இருமுறை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு பொருளும் தருகின்றன. நம் ஊரில் இரண்டாவது பொருள்தான் அதிகம் புழங்குகிறது. ரிசர்வ் வங்கி தன் பணக் கொள்கையை 'பைமன்த்லி' என்று சொல்லி ஆண்டுக்கு ஆறு முறை வெளியிடுகிறது. ஆனாலும் வழக்கத்தை நம்பி வாதாட வேண்டாம். ஒப்பந்தத் தொகையே பதில் சொல்லிவிடும்.

ஒரு பொருளில் ஆண்டுக்கு 24 வருகை, இன்னொன்றில் 6. நான்கு மடங்கு வித்தியாசம். உங்கள் ஆண்டுத் தொகை 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 24-ஆல் வகுத்தால் ஒரு வருகைக்கு 750 ரூபாய், 6-ஆல் வகுத்தால் 3,000. குன்னூரிலிருந்து வண்டி எடுத்து வந்து, ஆயிலும் ஃபில்டரும் பார்த்து, அரை நாள் வேலை செய்து திரும்ப 750 கட்டுமா? அவர் நினைத்தது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். ஒருவேளை உங்கள் தொகை 75,000 ஆக இருந்தால், கேள்வி கேட்க உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது. 'பைஆனுவல்' (ஆண்டுக்கு இருமுறை), 'பைஎனியல்' (இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை) ஆகிய இரண்டும் குழம்பினாலும் இதே நான்கு மடங்குதான். தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்ய விலைப்புள்ளி வாங்கும்போது இதைக் கவனியுங்கள்.

தோட்டக்காரர் விஷயம் நுணுக்கமானது, ஏனென்றால் வித்தியாசம் சின்னது. ஃபோர்ட்நைட் என்றால் 14 நாள். ஆனால் பேச்சில் அது 'பதினைந்து நாளைக்கு ஒருமுறை' ஆகி, மாதம் இருமுறை என்றும் ஆகிவிடுகிறது. வங்கிகளின் இருப்புக் கணக்கில்கூட முன்பு ஒரு வெள்ளி விட்டு மறு வெள்ளியில் முடியும் 14 நாளே ஃபோர்ட்நைட். 2025-இல் வந்த சட்டத் திருத்தம் அதை 1 முதல் 15 வரை, 16 முதல் மாதக் கடைசி வரை என மாற்றியது. சட்டத்துக்கே இந்தப் பாடு!

யாருடைய கணக்கு ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். பணம் கொடுத்த பழைய தேதிகளைப் பாருங்கள். கிழமை மாறாமல் இருந்தால் 14 நாள் கணக்கு, தேதி மாறாமல் இருந்தால் அரை மாதக் கணக்கு. 2026 ஜனவரி 2 வெள்ளி முதல் ஒரு வாரம் விட்டு வெள்ளிதோறும் கொடுத்து வந்திருந்தால் ஜூலையில் 3, 17, 31 என மூன்று முறை வரத்தான் செய்யும். ஜனவரியிலும் 2, 16, 30 என வந்திருக்கும். அப்போது மூன்று முறை கொடுத்தீர்களா என்று பாருங்கள். தவணைக்கு 7,000 என்றால் ஆண்டில் 26 தவணை, 1,82,000 ரூபாய். மாதம் இருமுறை என்றால் 24 தவணை, 1,68,000. இடைவெளி 14,000, அதாவது முழுதாக ஒரு மாதச் சம்பளம். பேசியது 'தவணைக்கு ஏழாயிரம்' என்றால் அவர் கேட்பது நியாயம். 'மாதம் பதினாலாயிரம், இரண்டாகப் பிரித்து' என்றால் உங்கள் பக்கம் நியாயம்.

இனி எழுதும்போது இந்தச் சொற்களை விட்டுவிட்டு, எண்ணிக்கையையும் தேதியையும் எழுதுங்கள். சம்பளத்துக்கு 'ஒவ்வொரு மாதமும் 1, 16 தேதிகளில்' என்பது போதும். ஜெனரேட்டருக்கு 'ஆண்டுக்கு 6 வருகை. ஜனவரி, மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், நவம்பர் முதல் வாரம்' என்று மாதங்களைப் பெயரோடு போடுங்கள். 'இரண்டு மாதத்துக்கு ஒருமுறை' என்று மட்டும் எழுதினால் எந்த மாதத்தில் தொடங்குவது என்ற சண்டை மிச்சமிருக்கும். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை பலமாக வரும். அதனால் செப்டம்பரிலேயே ஒரு சர்வீஸ் முடிந்திருக்க வேண்டும் என்பதைப் பேசிக்கொள்ளுங்கள்.

மண் சரிந்து சாலை அடைத்து நவம்பர் வருகை டிசம்பருக்குப் போனால், அடுத்தது ஜனவரியிலா பிப்ரவரியிலா? அதற்கும் ஒரு வரி வேண்டும்: 'தவறிய வருகையை 10 நாளுக்குள் முடிக்க வேண்டும், அடுத்த வருகையின் மாதம் மாறாது.'