கடலைத் தூர்த்த நிலம் ஏன் வருடக்கணக்கில் காத்திருக்கிறது?

"கடலில் மணல் கொட்டி நிலம் உருவாக்கிவிட்டார்கள். பிறகு ஏன் கட்டடம் கட்டாமல் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்?"

கடலடி மணலைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியே பாய்ச்சி, நீர் வடிந்ததும் எஞ்சும் மணலால் நிலம் உயர்த்துவதே இந்த முறை. அந்த மணலிலிருந்து நீர் சீக்கிரமே வடிந்துவிடும். தளர்வான மணலை அதிர்வுக் கருவியால் இறுக்கிவிடலாம். உண்மையான தொல்லை அதற்கும் கீழே, பழைய கடலடிக் களிமண்ணில் இருக்கிறது.

நனைந்த தடித்த மெத்தையின் மேல் கல்லை வைத்துப் பாருங்கள். நீர் கசியக் கசியத்தான் மெத்தை அமுங்கும். களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை என்பதால் அங்கே இது வருடக்கணக்கில் நடக்கிறது. நீர் வெளியேறும் தூரம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும்.

உதாரணமாக, மேலும் கீழும் மணல் உள்ள 10 மீட்டர் களிமண் அடுக்கில் நீர் கடக்க வேண்டிய அதிகபட்சத் தூரம் 5 மீட்டர். மென்மையான களிமண்ணில் 90 சதவீத அமிழ்வுக்குப் பத்தாண்டு ஆகலாம். ஒரு மீட்டர் சொச்சம் இடைவெளியில் செங்குத்து வடிகால் பட்டைகளைச் செருகி, மேலே தற்காலிகமாகக் கூடுதல் மணலைக் குவித்தால் அது ஓராண்டு அளவுக்குச் சுருங்கும். நாள்காட்டியை நம்பிப் பயனில்லை. புதைத்த அளவுத் தகடுகள் காட்டும் அமிழ்வு வரைகோடு தட்டையான பிறகே கூடுதல் மணலை அகற்றுவார்கள்.

மேற்பரப்பு காய்ந்து லாரி ஓடினால் நிலம் தயார் என்று பலர் நினைக்கிறார்கள். லாரியைத் தாங்குவது மேலுள்ள மணல்தான், அடியிலுள்ள களிமண் அப்போதும் அமுங்கிக்கொண்டிருக்கும்.